பதினோரு மணி வரை தவணை

கோபத்தில் கடிதம் எழுதக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். அன்று நான் எழுதியது நான்கு பக்கம். பட்டறையின் பெயர் அச்சடித்த தாளில், பேனா தாளைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்தி எழுதினேன். "பகல் கொள்ளை" என்ற சொல்லை மூன்று இடத்தில் போட்டிருந்தேன். அக்னாலட்ஜ்மென்ட் அட்டை இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு வந்து ஒரு டீ குடித்தபோதுதான் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

கணபதி ஏரியாவில் எனக்கு ஒரு லேத் பட்டறை இருக்கிறது. பம்ப்செட்டுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பதுதான் தொழில். இரண்டு மெஷின், மூன்று ஆட்கள். இருபத்தாறு வருடமாகக் கம்பெனிக்காரர்கள் மூன்று மாதம் கழித்துத் தரும் செக்கை வைத்தே ஓட்டிக்கொண்டிருக்கிறேன். என் மனைவி மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எனக்கும் அவளுக்கும் பணத்தைப் பற்றிய பார்வையே வேறு. பணம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பேன் நான். இருக்கிற இடத்தில் இருக்க வேண்டும் என்பாள் அவள்.

அப்படி இருக்கிற இடத்தில் இருந்த பணம்தான் அந்த இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். பள்ளிக்கூடத்து டீச்சர்கள் சேர்ந்து நடத்திய சீட்டில் தள்ளுக்குப் போகாமல், அதாவது தொகையைக் குறைத்து ஏலம் எடுக்காமல், கடைசி வரை காத்திருந்து எடுத்தது. அவளும் அவள் அக்காவும் எருசலேம் போய்வர வேண்டும் என்பது கல்யாணத்துக்கு முன்பிருந்தே பேசிவைத்த பேச்சு. ஆளுக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம். பாஸ்போர்ட்டெல்லாம் எடுத்தாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து அங்கே சண்டை மூண்டு, அழைத்துப் போகிறவர் பயணத்தைத் தேதி சொல்லாமல் தள்ளிவைத்துவிட்டார். பணம் பேங்கில் சும்மா கிடந்தது. பணம் சும்மா கிடந்தால் எனக்குக் கை அரிக்கும்.

"உன்ற பேர்லயே ஷேர் வாங்கிப் போடறேன் கண்ணு. டூர்க்காரன் கூப்புடறப்ப வித்துக்கலாம்" என்றேன்.

"போனாப் போவுது, பத்தரமாங்க?" என்றாள்.

"என்ற தொழில் சம்பந்தப்பட்ட கம்பெனிதான். எனக்குத் தெரியாததா?"

கணக்குத் தொடங்கியபோது ஆதார் எண்ணுக்கு வந்த ஆறு இலக்கத்தைச் சமையலறையிலிருந்தே சத்தமாகச் சொன்னாள். குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவள் அந்தக் கணக்கில் செய்தது அவ்வளவுதான். தகவல் வரும் எண்ணாகவும் மின்னஞ்சலாகவும் என்னுடையதைக் கொடுத்தேன். கணவன் எண்ணைக் கொடுக்கலாம் என்று விதி இருக்கிறது, உறவை எழுதிக் கொடுத்தால் போதும். எங்கள் பக்கம் பாதிப் பேர் வீட்டில் இப்படித்தான். பேர் வீட்டுக்காரியுடையது, விரல் வீட்டுக்காரனுடையது.

எனக்குக் கணக்குத் தொடங்கிக் கொடுத்தவர் கணபதியிலேயே பேக்கரிக்கு மேல் மாடியில் சின்ன ஆபீஸ் வைத்திருக்கிற ஏஜென்ட். பெரிய தரகு நிறுவனம் ஒன்றின் கிளைபோல. நாற்பது வயதிருக்கும். என்னை "அண்ணா" என்று கூப்பிடுவதிலேயே பாதி வியாபாரத்தை முடித்துவிடுவார். அவர்தான் சொன்னார்: "ஏனுங்ணா, ரெண்டே முக்கால்ல என்னத்தைங்ணா வாங்கறது? நீங்க இதைப் போடுங்க, மிச்சத்தைக் கம்பெனியே போடும். ஆறு லட்சத்துக்கு வாங்கலாம்ங்ணா."

ரெண்டு நாற்பதை ரெண்டே முக்கால் என்று சொன்னபோதே நான் விழித்திருக்க வேண்டும். விழிக்கவில்லை. மொத்த விலையில் நூற்றுக்கு நாற்பது நம்முடையது, அறுபது தரகு நிறுவனம் கடனாகப் போடும், அதற்கு நாள் வட்டி. வாங்கிய பங்குகள் அவர்களிடம் அடமானமாக இருக்கும். அடமானத்துக்குச் சம்மதமா என்று கேட்டு வந்த எண்ணும் என் போனுக்குத்தான் வந்தது. தட்டினேன். மோட்டார் பாகம் செய்கிற அந்தக் கம்பெனிப் பங்கு நானூறு ரூபாய் வீதம் ஆயிரத்து ஐந்நூறு வாங்கியாயிற்று. கடன் வாங்கி வாங்கியிருக்கிறேன் என்று அவளிடம் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. சொல்ல வேண்டும் என்றும் நினைக்கவில்லை. லாபம் வந்த பிறகு சொன்னால் ருசியாக இருக்குமே என்று இருந்துவிட்டேன்.

பங்கு இறங்கியது. முதலில் அங்குலம் அங்குலமாக, பிறகு படி படியாக. முந்நூற்று நாற்பதில் முடிந்த அன்று மாலை ஆறு மணிக்குச் செய்தி வந்தது. அதன் வாசகம் எனக்கு இன்றும் மனப்பாடம். உங்கள் கணக்கில் ஐம்பத்து நாலாயிரம் ரூபாய் குறைகிறது, நாளை காலை பதினோரு மணிக்குள் செலுத்தவும், தவறினால் பங்குகள் விற்கப்படும்.

கணக்கு நியாயமானதுதான். முந்நூற்று நாற்பது வீதம் ஆயிரத்து ஐந்நூறு பங்கின் மதிப்பு ஐந்து லட்சத்துப் பத்தாயிரம். அதில் அவர்கள் கடன் மூன்று லட்சத்து அறுபதாயிரம். நம்முடையதாக மிஞ்சுவது ஒன்றரை லட்சம். நாற்பது சதவீதம் என்றால் இரண்டு லட்சத்து நாலாயிரம் இருக்க வேண்டும். ஆக ஐம்பத்து நாலு குறைகிறது. ஏஜென்டைக் கூப்பிட்டேன்.

"பதினோரு மணிக்குள்ள கட்டிப்போட்டாப் போதுங்ணா. ஒண்ணும் ஆகாது" என்றார்.

அடுத்த அறையில்தான் அவள் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். அவள் பேங்க் கணக்கில் பணம் இருந்தது. அவள் போனிலிருந்து அனுப்பியிருந்தால் ஐந்து நிமிட வேலை. கேட்கவில்லை. காலை ஏழரைக்குப் பட்டறையின் கரன்ட் அக்கவுன்டிலிருந்து ஐம்பத்து நாலாயிரத்தை அனுப்பிவிட்டு, ஷாஃப்ட் சாக்கை வண்டியில் கட்டிக்கொண்டு அன்னூருக்குக் கிளம்பினேன். அங்கே ஒரு பம்ப்செட் கடைக்கு சப்ளை. எங்களுக்கெல்லாம் பட்டறைப் பணம், வீட்டுப் பணம் என்று தனித்தனியாகக் கிடையாது. ஒரே அண்டாவில் இருந்து எந்தச் செம்பில் மொண்டால் என்ன என்றுதான் வளர்ந்திருக்கிறோம்.

தரகு நிறுவனத்துக்கு அது முக்கியம் என்று எனக்குத் தெரியாது. கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய பேங்க் கணக்கிலிருந்து வரும் பணத்தைத்தான் அவர்கள் எடுத்துக்கொள்ள முடியும். வேறு யார் அனுப்பினாலும் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்பது சட்டம். எட்டு ஐம்பத்திரண்டுக்குப் பணம் திரும்பி வந்த செய்தி வந்திருக்கிறது. நான் வண்டியில் இருந்தேன்.

அன்னூரில் சாக்கை இறக்கிவிட்டு டீக்கடையில் உட்கார்ந்து போனை எடுத்தேன். பணம் திரும்பியது என்று ஒன்று. அதன் மேல் வரிசையாக, விற்கப்பட்டது, விற்கப்பட்டது, விற்கப்பட்டது. மணி ஒன்பது இருபது. ஆயிரத்து ஐந்நூறில் ஒன்றுகூட மிச்சமில்லை. சராசரி விலை முந்நூற்றுப் பத்தொன்பது.

அந்த டீக்கடை பெஞ்சிலேயே உட்கார்ந்து விலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பதரைக்கு முந்நூற்று முப்பத்து மூன்று. பத்து மணிக்கு முந்நூற்று முப்பத்தெட்டு. அவர்களே கொடுத்த தவணையான பதினோரு மணிக்கு முந்நூற்று நாற்பத்தொன்று. எனக்கு வந்த கோபத்தில் டீ கிளாஸை வைத்த சத்தம் கேட்டுக் கடைக்காரர், "ஏனுங்க, சக்கரை பத்தலீங்களா?" என்றார்.

ஏஜென்ட் ஆபீசுக்கு நேராகப் போனேன். "நம்ம கையில ஒண்ணுமில்லீங்ணா. மேல சிஸ்டமே வித்துப்போட்டுதுங்க" என்றார். நேற்றுவரை எல்லாம் அவர் கையில்தான் இருந்தது. சிஸ்டம் யாருக்கு மாமன், யாருக்கு மச்சான் என்று கத்தினேன். கீழே பேக்கரியில் பன் வாங்க வந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி, "ஒரு லெட்டர் போடுங்ணா, மேல பார்வைக்கு அனுப்பறேன்" என்றார். அப்படிப் பிறந்ததுதான் நாலு பக்கக் கடிதம். அதையும் அவர் கையில் கொடுக்காமல் நேராகத் தலைமை அலுவலகத்துக்கே அனுப்பினேன்.

பன்னிரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. நாலு பக்கத்துக்கு நாலு வரி. "தங்கள் பெயரிலோ தங்கள் நிறுவனத்தின் பெயரிலோ எங்களிடம் கணக்கு ஏதும் இல்லை. பிற வாடிக்கையாளரின் விவரங்களைத் தங்களிடம் பகிர இயலாது. கணக்கு உரிமையாளர் கையொப்பமிட்டு எழுதினால் பரிசீலிக்கப்படும்."

இரண்டு முறை படித்தேன். மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு மூன்றாம் முறையும் படித்தேன். அவர்கள் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. தரகனோடு சண்டை போடலாம், ஏஜென்டோடு போடலாம். இப்போது போக வேண்டியது என் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்து, மத்தியானச் சாப்பாடும் முடிந்து, அவள் தாள் கட்டை எடுத்து வைத்துச் சிவப்புப் பேனாவைத் திறந்திருந்தாள். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கடன் சேர்த்து வாங்கியது, இறங்கியது, செய்தி வந்தது, திரும்பிய பணம், விற்றது. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"இப்ப எவ்வளவு இருக்குதுங்க?"

"ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரத்து ஐந்நூறு. வட்டி கிட்டி போனா இன்னும் கொஞ்சம் குறையும்."

"ரெண்டு நாப்பதுக்கு."

"ஆமா."

கையை நீட்டினாள். கடிதத்தின் நகலைக் கொடுத்தேன். பள்ளிப் பையனுடைய தாளைத் திருத்துவது போலத் திருத்தினாள். "பகல் கொள்ளை" மூன்றையும் அடித்தாள். என் இருபத்தாறு வருடத் தொழில் அனுபவத்தைப் பற்றி எழுதியிருந்த முக்கால் பக்கத்தைக் குறுக்கே ஒரே கோடு போட்டு அடித்தாள். கடைசியில் நிமிர்ந்து, "நாலு பக்கத்துல ஒரு கேள்விகூட இல்லீங்களே. கேள்வி கேட்டாத்தானுங்க பதில் வரும்?" என்றாள்.

பிறகு விற்றதற்கான சீட்டைக் கேட்டாள். ஒவ்வொரு வியாபாரத்துக்கும் அன்று மாலையே நிறுவனம் அனுப்ப வேண்டிய காகிதம் அது. எனக்கும் மின்னஞ்சலில் வந்திருந்தது. கடைசி வரித் தொகையை மட்டும் பார்த்துவிட்டு மூடியிருந்தேன். பிரின்ட் எடுத்து வந்தேன். அதில் ஒவ்வொரு விற்பனைக்கும் ஒரு வரி, எத்தனை பங்கு, என்ன விலை, எத்தனை மணி எத்தனை விநாடி என்று. முதல் வரி ஒன்பது மணி பதினாறு நிமிடம் எட்டு விநாடி. கடைசி வரி அதே பதினாறு நிமிடம் நாற்பத்தைந்து விநாடி. முப்பத்தேழு விநாடியில் என் மனைவியின் எருசலேம் முடிந்திருக்கிறது. அவள் அளவுகோலை வைத்து ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே போனாள்.

அவள் எழுதிய கடிதம் ஒரு பக்கம்கூட இல்லை. பள்ளிக்கூடத்து வினாத்தாள் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

"ஒன்று. பதினோரு மணி வரை தவணை தந்து செய்தி அனுப்பிவிட்டு, ஒன்பது பதினாறுக்கு விற்றது எந்த விதியின்படி? இரண்டு. அன்று சந்தை திறந்தபோது விலை முந்நூற்று முப்பத்திரண்டு. அந்த விலையில் நானூற்று அறுபத்தொரு பங்கை விற்றாலே மீதியில் என் சொந்தப் பணம் நாற்பது சதவீதமாகிவிடும். ஆயிரத்து ஐந்நூறையும் விற்றது ஏன்? மூன்று. விலை வரம்பு வைக்காமல், கிடைத்த விலைக்கு ஒரே மூச்சில் விற்கச் சொன்னது ஏன்?"

கீழே கையெழுத்து. அதற்குக் கீழே கணக்கு எண். சீட்டின் நகல், செய்தியின் நகல், இணைப்பு இரண்டு.

நானூற்று அறுபத்தொன்று எப்படி வந்தது என்று கேட்டேன். தாளின் ஓரத்தில் போட்டுக் காட்டினாள். விற்றுக் கடனைக் கட்டினால் நம் பணம் கூடாது, குறையாது. ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரம் அப்படியே இருக்கும். அது நாற்பது சதவீதமாக வேண்டுமென்றால் மொத்தம் மூன்று லட்சத்து நாற்பத்தைந்தாயிரமாகச் சுருங்க வேண்டும். ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே விற்றால் போதும். "எட்டாங்கிளாஸ் கணக்குங்க இது" என்றாள். அந்த எட்டாங்கிளாஸ் கணக்கைப் போடாமல்தான் நான் ஆறு லட்சத்துக்கு வாங்கியிருந்தேன்.

இருபத்தோரு நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது பங்குச் சந்தை ஆணையத்தின் விதி. பதினெட்டாம் நாள் பதில் வந்தது, இந்த முறை "மதிப்பிற்குரிய அம்மையீர்" என்று. எங்கள் கொள்கைப்படி வாடிக்கையாளரின் சொந்தப் பணம் மொத்த மதிப்பில் இருபத்தைந்து சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் தவணைக்குக் காத்திருக்காமல் முழுவதையும் விற்கலாம். அன்று ஒன்பது பதினாறுக்கு விலை முந்நூற்றுப் பதினெட்டுக்கும் கீழே போனது. முந்நூற்று இருபதுக்குக் கீழே தங்கள் பணம் இருபத்தைந்து சதவீதத்துக்கும் குறைவு. எனவே விற்றது சரியே. விளக்கம் தேவைப்பட்டால் கிளை மேலாளரைச் சந்திக்கலாம்.

"அவ்வளவுதான் கண்ணு. மலையை முட்டுனா மண்டைதான் ஒடையும்" என்றேன். அவள் மறுபடி அந்தச் சீட்டை எடுத்தாள். முதல் வரியில் விரலை வைத்தாள். "லீவு போடறேனுங்க. நாளைக்குப் போலாம்" என்றாள். என்ன கண்டுபிடித்தாள் என்று கேட்டேன். சொல்லவில்லை. அவள் கோபம் அப்படித்தான், பேச்சைக் குறைத்துவிடும்.

அவிநாசி சாலையில் கண்ணாடிக் கட்டடம். ஏ.சி. குளிரில் உட்கார வைத்து ஆளுக்கொரு காபி கொடுத்தார்கள். மேலாளர் சின்ன வயதுக்காரர், மரியாதையானவர். அவரைத் திட்ட எனக்கு வாயே வரவில்லை. எங்கள் ஏஜென்டும் வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார். மேலாளர் கோப்பைத் திறந்து, முதல் கேள்வியாகவே இதைக் கேட்டார்.

"மேடம், இந்த ஆர்டரெல்லாம் நீங்களே போட்டதுதானுங்களே?"

ஏஜென்ட் என்னைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார். ஆமாம் என்று சொல்லச் சொல்லுங்கள் என்பதுதான் அதற்கு அர்த்தம். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. ஒரே ஒரு ஆமாம். பொய் சொன்ன பிள்ளைகளை முப்பது வருடமாகப் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தியவளிடம் அதை எப்படி எதிர்பார்த்தேன் என்று தெரியவில்லை.

"இல்லீங்க. ஒண்ணுகூட நான் போட்டதில்லீங்க. அவர்தான் போட்டாருங்க" என்றாள், என் பக்கம் திரும்பாமல். "கடன்ல வாங்குனதே எனக்கு இப்பத்தான் தெரியுமுங்க."

மேலாளர் பேனாவை எடுத்தார். "கணக்கை வேற ஆள் கையில குடுக்கக் கூடாதுன்னு நீங்க கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்துலயே இருக்குதுங்க மேடம்."

"இருக்குதுங்க. படிக்காம விட்டது என்ற தப்புதானுங்க. எழுதிக்குங்க." அவர் எழுதி முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு சீட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். "இப்ப இதையும் எழுதிக்குங்க. வெலை முந்நூத்தி இருவதுக்குக் கீழ போனதாலதான் வித்தோம்னு எழுதியிருக்கறீங்க. மொதல் வரியைப் படிங்க."

அவர் படித்தார். "முந்நூத்தி முப்பத்தொண்ணு நாப்பது."

"மொதல் பங்கை வித்தது முந்நூத்தி முப்பத்தொண்ணுக்குங்க. அப்ப எங்க பணம் இருவத்தேழு சதவீதத்துக்கு மேல இருந்துதுங்க. வரிவரியாக் கீழ வாங்க. பாதி வித்து முடிச்சப்பறந்தான் முந்நூத்திப் பதினெட்டே வருது. நீங்க வித்து எறக்கின வெலையைக் காட்டி, வெலை எறங்குனதால வித்தோம்னா எப்படிங்க?"

நான் அந்தச் சீட்டை எத்தனை முறை பார்த்திருப்பேன். கடைசி வரியைத் தவிர எதையும் பார்த்ததில்லை. மேலாளர் காபியைத் தள்ளிவைத்துவிட்டு, தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிக் கேட்கிறேன் என்றார்.

"கேளுங்க. பதினோரு மணிக்கு வித்திருந்தா முந்நூத்தி நாப்பத்தொண்ணு. நீங்க வித்தது முந்நூத்திப் பத்தொம்பது. பங்குக்கு இருவத்திரண்டு ரூவா. முப்பத்து மூவாயிரமுங்க. அதுக்கு மேல ஒரு ரூவா உங்ககிட்டக் கேக்கலீங்க."

வெளியே வந்து பார்க்கிங்கில் நிற்கும்போது எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. "முப்பத்து மூணு மட்டும் கேட்டா என்ன அர்த்தம்? மொத்தமா ஒண்ணே கால் லட்சம் போயிருக்குது. மன உளைச்சல், அலைச்சல்..."

"ஒரு லட்சத்து இருவத்தோராயிரத்து ஐந்நூறுங்க" என்று திருத்தினாள். "அதுல அவங்க பண்ணுனது முப்பத்து மூவாயிரம். மிச்சம் எம்பத்தெட்டாயிரத்து ஐந்நூறை அவங்ககிட்ட எப்படிங்க கேக்கறது?"

வண்டியில் வீட்டுக்குத் திரும்பினோம். கணபதி சிக்னலில் நின்றபோது அவள் கை வழக்கம்போல என் தோளில் இல்லை, பின்னால் கம்பியைப் பிடித்திருந்தது.

ஒரு வாரம் கழித்து ஏஜென்ட் கூப்பிட்டு, இருபதாயிரம் தருகிறார்களாம், முடித்துக்கொள்ளலாம்ங்ணா என்றார். போனை அவளிடம் கொடுத்தேன். "ஆணையத்தோட புகார்த் தளத்துல போட எல்லாத்தையும் ரெடியா வச்சிருக்கேனுங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். மேலும் பத்து நாளில் முப்பத்து மூவாயிரம் வந்தது. தவறை ஒப்புக்கொள்ளாமல், நல்லெண்ண அடிப்படையில் என்று எழுதியிருந்தார்கள். ஜெயித்தாயிற்று. பட்டறையில் ஆட்களுக்கெல்லாம் பப்ஸ் வாங்கிக் கொடுத்தேன். கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்பார்கள், எனக்குக் கொண்டாட அதுதான் கிடைத்தது.

அன்று மாலை வீட்டுக்குப் போனபோது சாப்பாட்டு மேசையில் ஒரு உறை இருந்தது. மேலே என் பெயர். உள்ளே கோடு போட்ட பரீட்சைத் தாள், அவள் கையெழுத்து. அனுப்புநர், பெறுநர் எல்லாம் முறைப்படி. பொருள்: எண்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் குறித்து.

"ஒன்று. கடன் சேர்த்து வாங்குவதாக எனக்கு எப்போது தெரிவித்தீர்கள்? இரண்டு. செய்தி வந்த மாலை நான் அடுத்த அறையில் இருந்தேன். ஏன் கூப்பிடவில்லை? மூன்று. என்னைக் கேட்காமல் விற்றார்கள் என்று அவர்கள்மேல் அவ்வளவு கோபப்பட்டீர்கள். என்னைக் கேட்காமல் வாங்கியது யார்? பதில் எழுத்தில் வேண்டும். இருபத்தோரு நாள்."

சிரித்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். அவள் சிரிக்கவில்லை. மறுநாள் ஒரு கம்பெனிக்காரரைக் கையைக் காலைப் பிடித்துப் பாக்கியை வாங்கி, எண்பத்தெட்டாயிரத்து ஐந்நூறுக்குச் செக் எழுதிக் கொண்டுபோய் நீட்டினேன். வாங்கிப் பார்த்து, மடித்து, என் சட்டைப் பையிலேயே திரும்ப வைத்தாள்.

"பணம் கேக்கலீங்க. பதில்தான் கேட்டேன்."

போன வாரம் டூர்க்காரர் கூப்பிட்டார். பயணத்துக்குத் தேதி வைத்துவிட்டார்களாம், வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்ட வேண்டுமாம். அவள் கணக்கிலிருந்து ஒரு லட்சத்து இருபதாயிரத்தைக் கட்டினாள், அக்கா பெயருக்கு. அக்கா போனில் அழுதது எனக்குக் கேட்டது. "நீ போய்ட்டு வாக்கா, நான் அப்பறம் பாத்துக்கறேன்" என்று இவள் சொன்னதும் கேட்டது.

செக் இன்னும் என் பையில்தான் இருக்கிறது. நான் கரித்துக் கொட்டிய அந்த நிறுவனம் அவளுக்குப் பதினெட்டாம் நாள் பதில் போட்டது. எனக்கு இன்று இருபத்திரண்டாம் நாள், அவளுக்குப் பணம் கட்ட வேண்டிய வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள். தாளை எடுத்து வைத்து உட்கார்ந்திருக்கிறேன். முதல் கேள்விக்கு "தெரிவிக்கவில்லை" என்று எழுதியாயிற்று. இரண்டாவதில் நிற்கிறேன்.